ஏழு சீட்டுக் காதல் வரிசை கதையாகச் சேரவில்லையா? எங்கே பார்ப்பது?

லெனோர்மண்ட் சீட்டுகள் 36-ம் மனப்பாடம், மூன்று சீட்டு வரிசையும் ஐந்து சீட்டு வரிசையும் தடங்கலில்லாமல் வருகின்றன, ஆனால் காதல் கேள்விக்கு ஏழு சீட்டு போட்டால் மட்டும் பேச்சு தடுமாறுகிறது என்பவர்களுக்காக இது. சீட்டுகளின் அடிப்படைப் பொருளை இங்கே சொல்லப்போவதில்லை. பலன் சொல்லும்போது என்ன கோளாறு தெரிகிறது, அது எங்கிருந்து வருகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை மட்டும் பார்ப்போம்.

ஒரே வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எளிதாக இருக்கும். கேட்பவர் ஒரு பெண். அவர் காதலிப்பவர் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டார். "அடுத்த மூன்று மாதத்தில் எங்கள் உறவு எந்தப் பக்கம் போகும்?" என்பது கேள்வி. இடமிருந்து வலமாக விழுந்த சீட்டுகள் இவை:

கப்பல் – இதயம் – எலிகள் – கடிதம் – நாய் – கோபுரம் – மோதிரம்

அறிகுறி: ஆறு ஜோடிக்கும் பலன் வருகிறது, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை

அதிகம் பேரிடம் பார்க்கும் கோளாறு இதுதான். மேலே உள்ள வரிசையை இப்படி வாசிப்பார்கள்: கப்பல்–இதயம், தூரத்துக் காதல். இதயம்–எலிகள், அன்பு தேய்கிறது. எலிகள்–கடிதம், கவலை தரும் செய்தி. கடிதம்–நாய், ஒரு நண்பரிடமிருந்து நல்ல சேதி. நாய்–கோபுரம், அரசு வேலையில் இருக்கும் நண்பர். கோபுரம்–மோதிரம், பதிவுத் திருமணம்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரிதான், எந்தப் பட்டியலிலும் இருக்கும் பொருள்தான். ஆனால் சேர்த்து வைத்தால் அன்பு தேய்கிறது, அப்புறம் எங்கிருந்தோ அரசு ஊழியர் ஒருவர் வருகிறார், கடைசியில் கல்யாணம். கேட்பவர் முகத்தைப் பார்த்தாலே புரியும், கதை எங்கோ அறுந்துவிட்டது என்று.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நடுவில் இருக்கும் ஒவ்வொரு சீட்டும் இரண்டு ஜோடிகளில் வருகிறது, இடப்பக்கத்தோடு ஒரு முறை, வலப்பக்கத்தோடு ஒரு முறை. அந்த இரண்டு இடத்திலும் அந்தச் சீட்டுக்கு ஒரே பொருளைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எலிகள்–கடிதம் ஜோடியில் கடிதம் கவலை தரும் செய்தி. அடுத்த ஜோடியில் அதே கடிதம் வேறு யாரோ அனுப்பிய நல்ல சேதி. மேசையில் இருப்பது ஒரே கடிதம், கதையில் இரண்டு கடிதம் ஆகிவிட்டது. நாயும் அப்படியே. முதலில் சேதி அனுப்பிய நண்பர், பிறகு வேலைபார்க்கும் நண்பர். பொருள் மாறும் இடத்தில்தான் கதை அறுகிறது, இது ஏறக்குறைய எப்போதும் பொருந்தும்.

சரிசெய்வதற்கு, ஒரு ஜோடியின் முடிவை அடுத்த ஜோடியின் தொடக்கமாக அப்படியே எடுத்துப்போக வேண்டும். ஜோடியில் முதல் சீட்டு பேசப்படும் விஷயம், இரண்டாவது சீட்டு அதற்கு என்ன ஆகிறது என்பது. இதயம்–எலிகள் என்றால் அன்பு தேய்கிறது. அடுத்ததில் விஷயம் எலிகள், ஆனால் பொத்தாம்பொதுவான எலிகள் அல்ல, அன்பில் ஏற்பட்ட அந்தத் தேய்வு. அந்தத் தேய்வு கடிதத்தில் தெரிகிறது, அதாவது பேச்சிலும் செய்தியிலும். அடுத்ததில் விஷயம் கடிதம், ஆனால் தேய்ந்துபோன பேச்சு. தேய்ந்துபோன பேச்சு நாயாகிறது என்றால், காதலர் பேச்சு நண்பர்கள் பேச்சாக மாறுகிறது. "சாப்பிட்டியா, தூங்கினியா" என்ற அளவில் நின்றுவிட்ட பேச்சு. இப்போது அரசு ஊழியருக்குக் கதையில் இடமே இல்லை.

இதற்கு ஒரு விலக்கு வைத்துக்கொள்கிறேன், எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான்காவது சீட்டு, அதாவது நட்டநடுச் சீட்டு, இடப்பக்கம் விளைவாகவும் வலப்பக்கம் காரணமாகவும் திரும்பலாம். எலிகளின் விளைவு கடிதத்தில் தெரிகிறது, அதே கடிதம்தான் நாயை உண்டாக்குகிறது. பொருள் மாறவில்லை, அதன் வேலைதான் மாறுகிறது. மற்ற சீட்டுகளுக்கு இந்தச் சலுகை கொடுத்தால் மறுபடியும் சிதறும்.

இடம்–வலம் வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் சீட்டு விஷயம், இரண்டாவது அதன் தன்மை என்று சிலர் வாசிக்கிறார்கள், சிலர் தலைகீழாக வாசிக்கிறார்கள், சிலர் வரிசையே பார்ப்பதில்லை. எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. ஆனால் ஒரே வரிசைக்குள் இரண்டு முறையைக் கலந்தால் நிச்சயம் கோளாறு வரும். வரிசை நன்றாகத் தெரிந்தால் ஒரு முறை, பிடிக்காத பலன் வந்தால் இன்னொரு முறை என்று அனுபவசாலிகள்கூட அறியாமலே மாற்றிவிடுகிறார்கள். மோதிரம்–கோபுரம் என்றால் உறவுக்கு அதிகாரபூர்வ வடிவம் வருகிறது என்று எளிதாகச் சொல்லலாம். நம் வரிசையில் இருப்பது கோபுரம்–மோதிரம். இங்கே கோபுரம்தான் விஷயம். இரண்டும் ஒன்றல்ல, இதற்குத் திரும்ப வருவோம்.

அறிகுறி: நடுவில் கெட்டது, கடைசியில் நல்லது (அல்லது தலைகீழாக), எதைச் சொல்வது என்று தெரியவில்லை

இதற்குக் காரணம் பெரும்பாலும் கடைசிச் சீட்டின் மேல் இருக்கும் அளவுக்கு மீறிய நம்பிக்கை. ஏழாவதாக மோதிரம் விழுந்தால் கல்யாணம், சிலுவை விழுந்தால் துயரம் என்று முடிவு கட்டிவிட்டு, அதற்கு முன்னால் இருக்கும் ஆறையும் அதற்கு ஏற்ப வளைக்கிறோம். இந்தச் சீட்டுகளுக்கு மூலமான 36 சீட்டு விளையாட்டு 1799 வாக்கில் நூரெம்பெர்கில் ஹெஹ்டெல் என்பவர் உருவாக்கியது. அதில் பகடை உருட்டிச் சீட்டு சீட்டாக நகர்ந்து 35-ஆவதான நங்கூரத்தை அடைந்தவர் ஜெயித்தார். பந்தயத்தில் கடைசிக் கட்டம் தீர்ப்பு. ஒரு வரிசையில் கடைசிச் சீட்டுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

ஏன் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தே காட்டலாம். ஏழு சீட்டில் பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் ஆறு. கண்ணாடி ஜோடிகள், அதாவது நடுச்சீட்டை மடிப்பாக வைத்து எதிரெதிராக விழும் ஜோடிகள் மூன்று: 1–7, 2–6, 3–5. ஆக மொத்தம் ஒன்பது ஜோடி. இப்போது ஒவ்வொரு சீட்டும் எத்தனை ஜோடியில் வருகிறது என்று பாருங்கள். 2, 3, 5, 6 ஆகிய இடங்களில் இருக்கும் சீட்டுகள் மூன்று ஜோடிகளில் வருகின்றன. 1, 4, 7 ஆகியவை இரண்டில்தான். கதையை இறுக்கிப் பிடித்திருப்பவை இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது, ஆறாவது சீட்டுகள். கடைசிச் சீட்டு கதை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும், அவ்வளவே. அது என்ன வகை மோதிரம் என்பதை ஆறாவது சீட்டும் முதல் சீட்டும் சொல்ல வேண்டும்.

அதனால் முடிவைச் சொல்வதற்கு முன் கண்ணாடி ஜோடிகளை வாசித்துவிடுங்கள். நம் வரிசையில்:

கப்பல்–மோதிரம்: பயணமும் உறவும், தூரத்தை வைத்து அமைந்த பந்தம்.
இதயம்–கோபுரம்: மதிலுக்குள் இருக்கும் மனசு.
எலிகள்–நாய்: நம்பிக்கையைக் கொறிக்கும் ஏதோ ஒன்று.

கண்ணாடி ஜோடிகள் புதுக் கதை சொல்ல வந்தவை அல்ல. கோட்டில் ஓடும் கதையில் இரண்டு மூன்று பொருளுக்கு இடமிருக்கும் சீட்டுக்கு, எந்தப் பொருள் என்று கை காட்டத்தான் அவை. புதுக் கதையாக எடுத்துக்கொண்டால் முதல் அறிகுறிக்கே திரும்பிப் போவீர்கள்.

இப்போது சிக்கலான சீட்டு கோபுரம். அதற்கு மூன்று பொருள் கதவைத் தட்டுகின்றன. ஒன்று, அரசு, நிறுவனம், சட்டம். இரண்டு, தனிமை, எட்டி நிற்பது. மூன்று, நீண்ட காலம், உறுதி. பக்கத்தில் இருப்பது மோதிரம் என்பதால் முதல் பொருள் சட்டென்று வருகிறது, பதிவுத் திருமணம் என்று. ஆனால் கோபுரம் மூன்று ஜோடியில் இருக்கிறது. நாய்–கோபுரம் என்பதில், முன்னால் வந்த நாய் ஏற்கெனவே "நண்பர்கள் பேச்சாக மாறிய பேச்சு". அதோடு சட்டம் ஒட்டவில்லை, எட்டி நிற்பது ஒட்டுகிறது. இதயம்–கோபுரம் என்பதிலும் சட்டம் பொருந்தாது, தனிமை பொருந்துகிறது. மூன்றில் இரண்டு ஜோடி தனிமை என்கின்றன. மூன்றாவதையும் அதே பொருளில் வாசிக்க முடிகிறதா? முடிகிறது. எட்டி நிற்பது மோதிரமாகிறது, அதாவது எட்டி நிற்பதே இருவருக்கும் பழகிப்போன ஏற்பாடாகிறது. கப்பல்–மோதிரம் சொல்லும் "தூரத்தை வைத்து அமைந்த பந்தம்" இதை அப்படியே வழிமொழிகிறது.

முழு வரிசையும் இப்போது ஒரே வாக்கியம்: தூரத்தில் இருக்கும் அன்பு தேய்கிறது, தேய்வது பேச்சில் தெரிகிறது, பேச்சு நண்பர்கள் பேச்சாக மாறுகிறது, அந்த நட்பும் எட்டி நிற்கிறது, எட்டி நிற்பதே வழக்கமாகிவிடுகிறது.

இதில் கல்யாணமும் இல்லை, பிரிவும் இல்லை. அரிவாளோ சவப்பெட்டியோ வரிசையில் விழவில்லை, எதையும் வெட்டும் சீட்டு கிடையாது. கேட்பவரிடம், "மூன்று மாதத்தில் முறிவு தெரியவில்லை, ஆனால் பெயரளவு உறவாகப் போகும் போக்கு தெரிகிறது, மாற்ற வேண்டிய இடம் நீங்கள் இருவரும் பேசும் விதம்" என்று சொல்லலாம். பேச்சைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், நடுச்சீட்டு கடிதம். மூன்று கண்ணாடி ஜோடிகளும் அதைச் சுற்றித்தான் மடிகின்றன.

ஒரு சீட்டு எவ்வளவு மாற்றும் என்று பார்க்க வேண்டுமானால், கோபுரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் சாவியை வையுங்கள். மற்ற ஆறும் அப்படியே இருக்கட்டும். நாய்–சாவி, சாவி–மோதிரம், இதயம்–சாவி என்று மூன்று ஜோடிகள் ஒரே நேரத்தில் மாறிவிடும். நட்பான பேச்சே பூட்டைத் திறக்கிறது, திறப்பது உறவை உறுதிசெய்கிறது, மனசும் திறக்கிறது. எலிகள் இன்னும் அங்கேயே இருப்பதால் தேய்வு நடந்தது உண்மை, ஆனால் அது கடந்துபோகும் கட்டமாகிறது. கடைசி மோதிரம் இரண்டிலும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

அறிகுறி: இதயமும் இல்லை, மோதிரமும் இல்லை, "காதலே இல்லை" என்று சொல்லத் தோன்றுகிறது

இங்கே கணக்கைப் பார்த்தால் பதற்றம் போய்விடும். 36-ல் 7 சீட்டு எடுக்கும்போது குறிப்பிட்ட ஒரு சீட்டு விழும் வாய்ப்பு 36-க்கு 7, ஏறக்குறைய 19 சதவீதம். இதயம், மோதிரம் இரண்டுமே விழாமல் போவது சுமார் 64 சதவீதம். அவற்றோடு ஆண் சீட்டு, பெண் சீட்டையும் சேர்த்து நான்குமே விழாமல் போவதற்குக்கூட 40 சதவீத வாய்ப்பு உண்டு. ஐந்து காதல் வரிசை போட்டால் இரண்டில் இந்த நான்கும் இருக்காது. இதை அபசகுனமாக எடுத்துக்கொண்டால் பாதி நாள் கேட்பவரை வீணாக அழவைப்போம்.

காதல் என்பதைக் கேள்வி ஏற்கெனவே சொல்லிவிட்டது, சீட்டு அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இதயம் விழாத வரிசையில் மீன் விழுந்தால் அது பணமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, கரடி விழுந்தால் மேலதிகாரி அல்ல. கேள்வி எந்தத் துறையோ அந்தத் துறைக்குள் சீட்டை வைத்து வாசிக்க வேண்டும். கரடி என்றால் பாதுகாப்பு, அதிகாரம், சில சமயம் பொறாமை. மீன் என்றால் தாராளம், சுதந்திரம், அல்லது இருவருக்கும் இடையே உள்ள பணப் பிரச்சினை.

இதன் மறுபக்கமும் ஒரு கோளாறுதான். எல்லாச் சீட்டையும் காதலாகவே பிழிவது. தோட்டம்–மரம்–புத்தகம் என்று ஓடும்போது அதில் முத்தமும் ஊடலும் தேடுபவர்கள் உண்டு. வேலை, உடம்பு, குடும்பம் ஆகியவை உறவைப் பாதிக்கும்போது அவை அவையாகவே வரும். எதைத் துறைக்குள் இழுப்பது, எதை வெளியே விடுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சோதனை: முன்னால் வந்த சீட்டோடு ஒட்டுகிறதா? ஒட்டினால் உள்ளே, ஒட்டாவிட்டால் அதன் நேரடிப் பொருள்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நடுச்சீட்டாக இதயத்தையோ மோதிரத்தையோ வேண்டுமென்றே வைத்து மற்ற ஆறையும் சுற்றிப் போடுவது சிலர் வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் அப்போது நான்காவது சீட்டு பதில் அல்ல, கேள்வியின் பெயர்ப்பலகை. அதை மறந்து "நடுவில் இதயம் விழுந்திருக்கிறது, பார்த்தீர்களா" என்று சொல்லிவிடுகிறோம். நாமே வைத்ததை விழுந்ததாகச் சொல்லக் கூடாது. அதோடு, அந்தச் சீட்டு தானாக விழும் வாய்ப்பும் போய்விடுகிறது என்பதால், மற்ற ஆறில் அது இல்லை என்பதற்கு எந்தப் பொருளும் கிடையாது.

அறிகுறி: யார் செய்வது, யாருக்கு நடப்பது என்று குழம்புகிறது

நம் வரிசையில் நாய் ஒரு ஆளா, குணமா? காதல் கேள்வியில் இது சின்ன விஷயமல்ல. ஆள் என்றால் மூன்றாவது நபர் கதைக்குள் வந்துவிட்டார். கேட்பவர் அன்றே வீட்டுக்குப் போய் யார் அந்த நண்பன் என்று தேடத் தொடங்குவார்.

ஆண், பெண் சீட்டுகள் நேரடியாக ஆட்கள். நாய், பாம்பு, கரடி, நரி, குழந்தை ஆகியவை ஆளாகவும் இருக்கலாம், குணமாகவும் இருக்கலாம். முடிவெடுக்க இரண்டு இடத்தைப் பார்க்கிறேன். ஆள் என்றால் அவர் ஏதாவது செய்ய வேண்டும், அதாவது வலப்பக்கச் சீட்டு அவருடைய செயலாகவோ நிலையாகவோ வாசிக்க வர வேண்டும். அப்புறம் கண்ணாடி ஜோடி அவரை ஆளாகவே ஏற்க வேண்டும். நாய்க்கு வலப்பக்கம் கோபுரம், அது செயல் அல்ல. நாய்க்கு எதிரே எலிகள். "நண்பர் ஒருவர் கொறிக்கிறார்" என்று இழுத்து வாசிக்கலாம், "நம்பிக்கை கொறிக்கப்படுகிறது" என்பது இழுக்காமலே வருகிறது. அதனால் குணம். இதே நாய்க்கு வலப்பக்கம் குதிரைவீரனும் எதிரே பெண் சீட்டும் இருந்திருந்தால், ஒரு நண்பர் கேட்பவரைத் தேடி வருகிறார் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

ஆள் சீட்டு உண்மையிலேயே விழுந்தால், அது வரிசையை இரண்டாகப் பிரிக்கும். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அந்தந்தக் கட்டின் படத்தைப் பொறுத்தது, ஆகவே உங்கள் கட்டில் ஆணும் பெண்ணும் எங்கே பார்க்கிறார்கள் என்பதை ஒரு தடவை எடுத்துப் பார்த்து முடிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு முன்னால் இருப்பது அவர் பார்த்துக்கொண்டிருப்பது, முதுகுக்குப் பின்னால் இருப்பது அவர் விட்டுவந்தது அல்லது கவனிக்காதது. ஆண் ஆறாவது இடத்தில் வலப்பக்கம் பார்த்தபடி நின்றால், முதல் ஐந்து சீட்டும் அவர் முதுகுக்குப் பின்னால். கேட்பவர் பார்க்கும் அத்தனை சிக்கலையும் அவர் பார்க்கவே இல்லை என்று சொல்லக்கூடிய இடம் அது. முகத்திசையே பார்க்காத மரபும் இருக்கிறது. அந்த மரபில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

இரண்டு ஆள் சீட்டும் விழுந்தால் அவற்றுக்கு நடுவில் உள்ள சீட்டுகளை மட்டும் முதலில் வாசியுங்கள். இருவருக்கும் இடையில் இருப்பது அங்கேதான் இருக்கிறது. நடுவில் எதுவுமே இல்லை, ஒட்டி விழுந்திருக்கிறார்கள் என்றால், ஒருவரையொருவர் பார்க்கிறார்களா, முதுகு காட்டுகிறார்களா என்பதே போதும்.

அறிகுறி: எல்லாச் சீட்டும் அசையாமல் நிற்கிறது

வீடு – லில்லி – நங்கூரம் – மோதிரம் – மரம் – கோபுரம் – புத்தகம். இப்படி ஒன்று விழுந்தால் அனுபவசாலிக்கும் வாய் கட்டிப்போகும். ஜோடி வாசித்தால் எல்லாமே "நிலையான, நீண்ட, அமைதியான" என்றுதான் வருகிறது. சம்பவம் இல்லையே என்று புத்தகத்தை ரகசியக் காதலாகவும் கோபுரத்தை வழக்காகவும் ஆக்கிச் சம்பவம் கற்பிக்கத் தோன்றும்.

செய்யாதீர்கள். முதலில் நகரும் சீட்டு எத்தனை என்று எண்ணுங்கள்: குதிரைவீரன், கப்பல், நாரை, பறவைகள், அரிவாள், சாட்டை போன்றவை. ஒன்றுகூட இல்லையென்றால் அந்த வரிசை ஒரு நிலையைச் சொல்கிறது, நிகழ்ச்சியை அல்ல. கேட்ட காலத்துக்குள் மாற்றம் இல்லை என்பதே பலன், அது முழுப் பலன். கண்ணாடி ஜோடிகள் அந்த நிலை எப்படிப்பட்டது என்று சொல்லும்: நங்கூரம்–மரம், ஆழமாக வேர்விட்டது. லில்லி–கோபுரம், முதிர்ச்சியும் தனிமையும். வீடு–புத்தகம், வீட்டுக்குள் பேசப்படாத ஏதோ ஒன்று. கடைசியாகச் சொன்னது முதல்–கடைசி ஜோடி என்பதால் வரிசை முழுவதற்கும் எல்லை போட்டதுபோல நிற்கிறது. அதைக் கேட்பவரிடம் கேள்வியாக வைக்கலாம், சம்பவமாக ஆக்க வேண்டாம்.

அறிகுறி: எட்டாவது சீட்டு எடுக்கக் கை போகிறது

மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாதபோது "தெளிவுக்கு ஒன்று" என்று எடுப்போம். எட்டாவது சீட்டு வந்தவுடன் நடுச்சீட்டு இல்லாமல் போகிறது, மூன்று கண்ணாடி ஜோடியும் நகர்ந்துவிடுகின்றன. இருந்த கதையும் குலைகிறது.

அதற்குப் பதிலாகக் கேள்வியைத் திரும்பப் பாருங்கள். "எங்கள் உறவு எந்தப் பக்கம் போகும், அவர் என்ன நினைக்கிறார், நான் காத்திருக்கவா" என்று மூன்று கேள்வியை ஒரே வரிசையில் ஏற்றியிருப்பீர்கள். எந்தச் சீட்டு எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரியாமல்தான் கதை சிக்குகிறது. உறவின் போக்குக்கு ஏழு சீட்டு வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். "அவர் என்ன நினைக்கிறார்" என்பதை இங்கே கலக்க வேண்டாம். அதற்குத் தனியாக மூன்று சீட்டு, சீட்டுகளை மறுபடி கலைத்து, அவர் சார்பில் காட்டும் நடத்தை என்ன என்ற அளவுக்குக் கேள்வியைச் சுருக்கி. வேறொருவர் மனசுக்குள் இருப்பதைச் சீட்டிலிருந்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது, அதைக் கேட்பவரிடமும் சொல்லிவிடுவது நல்லது. காத்திருப்பதா வேண்டாமா என்பது கேட்பவர் எடுக்க வேண்டிய முடிவு. இரண்டு வரிசையும் முடிந்த பிறகு அந்தக் கேள்வியை அவரிடமே திருப்பிக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும்.